காலில் சிரைகள், வால்வுகள், வெரிகோஸ் வெயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. எங்க ஊர்ல "நரம்பு சுருட்டிக்கிச்சு"ன்னு சொல்றாங்க. அப்போ நரம்பு டாக்டரைத்தான் பார்க்கணுமா?

வேண்டாம். பேச்சுவழக்கில் ஊசி போட "நரம்பு" தேடுகிறோம், கோபப்பட்டால் கழுத்து "நரம்பு" புடைக்கிறது என்கிறோம். இரண்டுமே சிரைதான், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நரம்பு வேறு. அதன் பெரிய கிளைகூட வெள்ளைக் கயிறு மாதிரி இருக்கும், உள்ளே ரத்தம் ஓடாது, தோலுக்கு மேலே நீலமாகத் தெரியவும் தெரியாது. சுருண்டு புடைப்பது சிரை, அதைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறோம். அதற்குரியவர் ரத்தநாள அறுவை மருத்துவர், அவர் இல்லாத ஊரில் பொது அறுவை மருத்துவர்.

ஆனாலும் காலில் ஒரு நிஜ நரம்பு இந்தச் சிரையோடு ஒட்டிக்கொண்டே போகிறது. சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் காலின் உள்பக்கம் மரத்துப்போவது அதனால்தான். அது 14-ஆம் பதிலில் வருகிறது.

2. மேல் சிரை, ஆழ்சிரைன்னு பிரிக்கிறாங்களே, எத்தனை ஆழத்துல இருந்தா ஆழ்சிரை?

சென்டிமீட்டர் கணக்கு எதுவும் கிடையாது. கால் தசைகள் மொத்தத்தையும் இறுக்கமான காலுறை போல ஒரு வெண்ணிற உறை சுற்றியிருக்கிறது. ஆட்டுக்கால் சுத்தம் செய்தவர்கள் தசைமேல் பளபளவென்று ஒட்டியிருக்கும் அந்தச் சவ்வைப் பார்த்திருப்பார்கள். அந்த உறைக்கு வெளியே, தோலுக்கும் அதற்கும் நடுவில் கொழுப்பில் கிடப்பவை தோலடிச் சிரைகள். உறைக்கு உள்ளே, தசைகளுக்கு நடுவே தமனிகளோடு சேர்ந்து போகிறவை ஆழ்சிரைகள்.

காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆழ்சிரைகள் வழியாகப் போகிறது. தோலடிச் சிரைகளின் பங்கு 10 சதவீதம் அளவுதான். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், 12-ஆம் கேள்விக்கு இதுவே பாதி பதில்.

3. காலின் நீளமான சிரை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? என் கால்லயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பாதத்தின் மேல்பக்கத்தைப் பாருங்கள். விரல்களுக்குப் பின்னால் வில் போல ஒரு சிரை வளைந்திருக்கும். கட்டைவிரல் பக்கமாக அது முடியும் இடத்திலிருந்து புறப்படுவது பெரிய சஃபீனஸ் சிரை. உள் கணுக்கால் எலும்புக்கு முன்னால் ஏறும். பின்னால் போகாது, எப்போதும் முன்னால்தான். இடம் மாறாத சிரை என்பதால், கையில் சிரை கிடைக்காத அவசர நோயாளிக்கு இங்கே தோலைக் கீறிக் குழாய் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கிருந்து முழங்கால் சில்லுக்கு ஒரு கையகலம் பின்னால், தொடையின் உள்பக்கமாக ஏறி, தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே உறையில் உள்ள ஓர் ஓட்டை வழியாக உள்ளே இறங்கித் தொடையின் ஆழ்சிரையோடு சேர்கிறது. தொடையில் கொழுப்பு அதிகம் என்பதால் பெரும்பாலோருக்கு அங்கே கண்ணுக்குத் தெரியாது.

வில்லின் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கிளம்புவது சின்ன சஃபீனஸ். அது வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் ஏறி, ஆடுசதையின் நடுவே போய், பெரும்பாலும் முழங்கால் மடிப்பில் ஆழ்சிரையோடு சேரும். சேரும் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அதில் அறுவை செய்யும்முன் ஸ்கேன் வைத்துத் தோலில் மையால் குறித்துக்கொள்வார்கள்.

4. பெர்ஃபரேட்டர்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஓட்டை விழுந்துடுச்சுன்னு அர்த்தமா?

பயப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இருப்பதுதான். தோலடிச் சிரையையும் ஆழ்சிரையையும் இணைக்கும் குட்டைக் குழாய்கள் அவை. 2-ஆம் பதிலில் சொன்ன உறையைத் துளைத்துக்கொண்டு போவதால் துளைச்சிரை என்று பெயர். ஒரு காலில் நூற்றுக்கும் மேல் உண்டு, முக்கியமானவை சிலவே. தொடையின் நடுவில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில் வரிசையாக என்று அவை அமைந்திருக்கின்றன. முன்பு இவற்றுக்கு டாட், பாய்ட், காக்கெட் என்று மருத்துவர்களின் பெயர்கள் இருந்தன. இப்போதைய ரிப்போர்ட்டுகளில் அவை இருக்கும் இடத்தையும் குதிகாலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எழுதுகிறார்கள், அதுவே நல்லது.

இவற்றின் வால்வுகள் வெளியிலிருந்து உள்ளே மட்டும் விடும். பாதத்தில் மட்டும் இந்த விதி செல்லாது. அங்குள்ள துளைச்சிரைகளில் பலவற்றுக்கு வால்வே இல்லை, ரத்தம் வெளிநோக்கியும் வரலாம். பாதத்தில் "எதிர்த்திசை ஓட்டம்" என்று யாராவது எழுதியிருந்தால் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று: கணுக்காலுக்கு மேலுள்ள அந்த உள்பக்க வரிசை பெரிய சஃபீனஸோடு நேரடியாகச் சேர்வதில்லை. அதற்குப் பின்னால் வளைந்து ஏறும் ஒரு கிளைச் சிரையோடுதான் சேர்கிறது. ஆகவே பெரிய சஃபீனஸை மட்டும் உருவி எடுத்தால் இந்த வரிசை தொடப்படாமலே நின்றுவிடும்.

5. ரத்தம் கீழேர்ந்து மேல எப்படி ஏறுது? இதயம் உறிஞ்சுதா?

இதயத்தின் உறிஞ்சலும் மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் உண்டாகும் இழுவையும் கொஞ்சம் உதவும். பெரிய வேலையைச் செய்வது ஆடுசதை. அதன் நடுவில் இருக்கும் சோலியஸ் என்ற தசைக்குள் ரத்தம் தேங்கும் அகன்ற குழிவுகள் இருக்கின்றன. நடக்கும்போது தசை இறுக, வெளியே உறை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ள, உள்ளே அழுத்தம் 200 மி.மீ. பாதரசத்தையும் தாண்டி எகிறும். ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. தசை தளரும்போது உள்ளே வெறுமை உண்டாகி, தோலடிச் சிரைகளில் உள்ள ரத்தம் துளைச்சிரைகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த அடியில் அதுவும் மேலே போகும்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதயத்திலிருந்து கணுக்கால் வரை 115 செ.மீ. உயரம் என்று வையுங்கள். ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், 1.06 மடங்கு. ஆக 122 செ.மீ. தண்ணீர்த் தூணுக்குச் சமம். 1 மி.மீ. பாதரசம் என்பது 1.36 செ.மீ. தண்ணீர். வகுத்தால் சுமார் 90 மி.மீ. பாதரசம் வரும். அசையாமல் நிற்கிற ஒருவரின் கணுக்கால் சிரைக்குள் ஊசி வைத்து அளந்தாலும் இதையொட்டியே வருகிறது. பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்கினால் நல்ல காலில் அந்த 90, 30-க்கும் கீழே இறங்கிவிடும். நிறுத்தியபின் பழைய அளவுக்கு ஏற 20 நொடிக்கு மேல் ஆகும், ஏனென்றால் தமனியிலிருந்து வரும் ரத்தம் மட்டுமே மெல்ல நிரப்புகிறது. வால்வு கெட்ட காலில் அழுத்தம் அவ்வளவு இறங்காது, சில நொடிகளிலேயே மேலிருந்து நிரம்பிவிடும். வெரிகோஸ் நோயின் எல்லாத் தொல்லைக்கும் மூலம் இந்த இறங்காத அழுத்தம்தான்.

6. வால்வுன்னா மோட்டார்ல இருக்கிற மாதிரியா? அதுதான் ரத்தத்தைத் தாங்கிப் பிடிச்சு நிக்குதா?

சட்டைப்பையைப் போல மெல்லிய இரண்டு இதழ்கள், எதிரெதிரே, வாய் மேல்நோக்கி இருக்கும். மேலே போகும் ரத்தம் அவற்றைச் சுவரோடு சாய்த்துவிட்டுப் போகும். கீழே திரும்பப் பார்த்தால் பைகள் நிரம்பி இதழ்கள் நடுவில் ஒட்டிக்கொள்ளும். 1603-இல் இத்தாலியின் பதுவாவில் ஃபப்ரீசியஸ் இவற்றை வரைந்து வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628-இல் இவை எதற்கு என்று விளக்கினார். ஹார்வியின் சோதனையை நீங்களே செய்யலாம். மேல்கையில் லேசாகத் துணி கட்டி, முன்கைச் சிரை புடைத்ததும் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி, அடுத்த முடிச்சுப் போன்ற புடைப்பைத் தாண்டி வழித்துவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். மேலேயிருந்து ரத்தம் அந்த முடிச்சு வரைதான் திரும்பி வரும். கீழே சிரை தட்டையாகவே கிடக்கும். அந்த முடிச்சுதான் வால்வு.

தாங்கிப் பிடிப்பது பற்றி: அசையாமல் நிற்கும்போது தமனி வழியே ரத்தம் வந்துகொண்டே இருப்பதால் எல்லா வால்வும் திறந்தே இருக்கும், ரத்தத் தூண் முழுசாகக் கணுக்காலில் இறங்கும். 90 என்ற அளவு நல்ல வால்வு உள்ளவருக்கும் வருவது அதனால்தான். வால்வின் வேலை நடக்கும்போது தொடங்குகிறது. ஆடுசதை என்ற பம்ப் மேலே ஏற்றியதைத் திரும்ப விழவிடாமல் படிபடியாகப் பிடித்துக்கொள்வதே அதன் பணி. பெரிய சஃபீனஸில் இப்படி 10 முதல் 20 வரை இருக்கும், முழங்காலுக்குக் கீழே அதிகம். வயிற்றுக்குள் இருக்கும் பெரிய சிரைகளில் வால்வே கிடையாது.

7. அப்படின்னா வெரிகோஸ் ஏன் வருது? வால்வு கிழிஞ்சுடுதா?

பெரும்பாலும் கிழிவதில்லை, எட்டாமல் போகிறது. சிரைச் சுவர் தளர்ந்து குழாய் அகன்றால், அதே நீள இதழ்கள் நடுவில் தொட்டுக்கொள்ள முடியாது. வாசற்காலை அகட்டினால் பழைய கதவு மூடாது, அதே நிலைமை. இடைவெளி வழியாக ரத்தம் கீழே கசியும், கீழேயுள்ள பகுதி இன்னும் அகலும், அங்கேயுள்ள வால்வும் எட்டாமல் போகும். காலப்போக்கில் இதழ்கள் தடித்துச் சுருங்கிவிடவும் செய்யும்.

எங்கே முதலில் தொடங்குகிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய கட்சி சொல்வது: தொடை இடுக்கில் பெரிய சஃபீனஸ் சேரும் வாயில் இருக்கும் வால்வு முதலில் தோற்கிறது, பிறகு மேலிருந்து கீழாகப் பரவுகிறது. அந்த வாய்க்கு மேலே வால்வு இல்லாத வயிற்றுச் சிரைகள், இருமினாலும் முக்கினாலும் அழுத்தம் நேரே அங்கே வந்து இடிக்கும். நியாயமான வாதம். ஆனால் ஸ்கேனில் வாய் வால்வு திடமாக இருக்க, ஆடுசதைக் கிளைகள் மட்டும் சுருண்டிருக்கும் பலரைப் பார்க்கிறோம். ஆகவே சுவர் எங்கே பலவீனமோ அங்கே தொடங்கி எந்தத் திசையிலும் பரவலாம் என்ற இரண்டாவது விளக்கமே பெரும்பாலான கால்களுக்குப் பொருந்துகிறது.

முன்பு ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து, பிறகு வழி திறந்தவர்கள் தனி வகை. அவர்களுக்கு உறைகட்டி கரையும் போக்கில் வால்வு இதழ்கள் சுவரோடு ஒட்டித் தழும்பாகிவிடுகின்றன. அங்கே வால்வு உண்மையிலேயே அழிந்துபோகிறது.

8. நான் துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிறேன். அதனாலதான் வந்துச்சா? என்கூட நிக்கிற அக்காவுக்கு வரலையே?

அந்த அக்காவின் அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சுவரின் தளர்ச்சி பெருமளவு குடும்ப வழியில் வருகிறது. வயது, பிள்ளைப்பேறுகள், உடல் எடை ஆகியவை அதன்மேல் சேர்கின்றன. நின்றபடி வேலை செய்வது, இருக்கிற பலவீனத்தை வேகமாக வெளியே கொண்டுவரும், வந்ததை மோசமாக்கும். நிற்பதில் கெடுதல் பம்ப் ஓடாததுதான். அதே எட்டு மணிநேரம் நடந்துகொண்டே இருப்பவருக்கு அழுத்தம் 30-ஐ ஒட்டிப் போய் வரும், கவுன்ட்டருக்குப் பின்னால் அசையாமல் நிற்பவருக்கு 90-இலேயே நிற்கும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இருக்கை கிடைத்தாலும் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தால் பாதிப் பலன்தான். அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

கர்ப்பத்தில் மூன்று காரணம் சேர்கிறது: ரத்த அளவு கூடுகிறது, ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, பின்மாதங்களில் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பகுதி சுருங்கிவிடுவதால், சில மாதம் பொறுத்துப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

9. ஆழ்சிரையும் சிரைதானே, அது ஏன் சுருட்டிக்கிறதில்ல?

சுற்றிலும் தசையும் உறையும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, வீங்க இடமில்லை. கொழுப்பில் கிடக்கும் சிரைக்கு அந்த முட்டு இல்லை.

இதே விதியால் இன்னொரு புதிரும் அவிழும். பெரிய சஃபீனஸின் தண்டுக்கும்கூட மெல்லிய தனி உறை ஒன்று உண்டு. ஸ்கேன் திரையில் தொடையைக் குறுக்கே பார்த்தால் மேலும் கீழும் இரண்டு வெள்ளைக் கோடுகள் இமைபோல வளைந்திருக்க, நடுவில் கருவிழியாகச் சிரை தெரியும். ஸ்கேன் செய்பவர்கள் இந்தக் "கண்"ணை வைத்துத்தான் தண்டை அடையாளம் காண்கிறார்கள். அந்தக் கண்ணுக்குள் இருக்கும்வரை தண்டு எவ்வளவு அகன்றாலும் பெரும்பாலும் நேராகவே போகும். கண்ணை விட்டு வெளியே வரும் கிளைகள்தான் பாம்பாக நெளிகின்றன. வெளியே தெரியும் சுருட்டல் நோயின் நுனி, வேர் நேராக, கண்ணுக்குத் தெரியாமல் தொடையில் இருக்கலாம். சுருண்டதை மட்டும் ஊசி போட்டு அடைத்தால் மீண்டும் வருவது இதனால்தான்.

10. புண்ணு ஏன் எல்லாருக்கும் உள் கணுக்காலுக்கு மேலேயே வருது?

தூணின் அடிமட்டம் அது, அழுத்தம் அதிகம். அதோடு அங்கேதான் கணுக்கால் துளைச்சிரை வரிசை இருக்கிறது. அவற்றின் வால்வும் கெட்டுவிட்டால், தசை இறுகும்போது எழும் அழுத்தம் தோலுக்கே நேராகப் பாயும். இறங்காத அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து திரவமும் சிவப்பணுக்களும் கசிகின்றன. முதலில் மாலையில் வீக்கம். பிறகு சிவப்பணுவின் இரும்பு படிந்து காபிக் கறை போன்ற பழுப்பு நிறம், அரிப்பு. அடுத்து தோல் தடித்துக் கெட்டியாகி, கால் தலைகீழாக நிறுத்திய பாட்டில்போல் கீழே ஒடுங்கும். கடைசியில் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தாலும் ஆறாத புண். பழுப்புக் கறை வந்த கட்டத்திலேயே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். புண்ணுக்கு மருந்து மாற்றி மாற்றிப் போடுவதைவிட அழுத்தத்தைக் குறைத்தால்தான் அது ஆறும். கட்டுப்போடுவதோடு கெட்ட சிரையையும் சீக்கிரமே அடைத்தால் புண் விரைவில் ஆறுகிறது என்று பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

11. டாப்ளர் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது? ஒண்ணும் புரியலை.

டாப்ளர் என்பது சிரைக்குள் ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன். ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 44 வயதுப் பெண், வலது கால், ஆடுசதையின் உள்பக்கம் சுருட்டல், கணுக்காலில் லேசான பழுப்பு. நிற்கவைத்து எடுத்த ஸ்கேன் சொல்கிறது: ஆழ்சிரைகள் அழுத்தினால் அமுங்குகின்றன, எதிரோட்டம் இல்லை. தொடை இடுக்கு இணைப்பில் 2.4 நொடி எதிரோட்டம். பெரிய சஃபீனஸ் நடுத்தொடையில் 8 மி.மீ. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை எதிரோட்டம், அதன்பின் ஒரு கிளைக்குப் போகிறது. குதிகாலிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் 4 மி.மீ. துளைச்சிரை, 0.6 நொடி வெளிநோக்கிய ஓட்டம். சின்ன சஃபீனஸ் சரி.

முதல் வரிதான் முக்கியம். அமுங்கும் சிரையில் உறைகட்டி இல்லை. ஆக ஆழ்வழி திறந்திருக்கிறது. அடுத்து நொடிக் கணக்கு: ஆடுசதையைப் பிசைந்து விட்டதும் ரத்தம் ஒரு கணம் கீழே வருவது இயல்பு, அதில்தான் வால்வு மூடுகிறது. தோலடிச் சிரையில் அரை நொடிக்கு மேல் வந்தால் கோளாறு, தொடை, முழங்கால் ஆழ்சிரைகளில் 1 நொடி வரை விடுவார்கள். 2.4 என்பது வாயில் வால்வு மூடவே இல்லை என்பதைக் காட்டுகிறது. படுத்தபடி எடுத்த ஸ்கேனில் இந்த நொடிக் கணக்கை நம்ப முடியாது, மறுபடி நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ரத்தத்தின் பின்னாலேயே போவோம். ஆழ்சிரையில் தொடை இடுக்கு வரை ஏறியது, கெட்ட வாயில் திரும்பிப் பெரிய சஃபீனஸில் விழுகிறது, முழங்காலுக்குக் கீழே கிளையில் இறங்குகிறது, துளைச்சிரை வழியே மீண்டும் ஆழ்சிரைக்குள் போகிறது, மறுபடி மேலே ஏறுகிறது. இதயத்துக்குப் போகாமல் காலுக்குள்ளேயே ஒரு செக்குமாட்டுச் சுற்று. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கண்டுகொண்டு, தொடையிலேயே கட்டிச் சுற்றை அறுத்தார். அவர் பெயரிலுள்ள சோதனையும் இதைத்தான் காட்டுகிறது: படுக்கவைத்துக் காலைத் தூக்கி ரத்தத்தை வடித்து, தொடை மேலே கட்டி, நிற்கவைத்துக் கட்டை அவிழ்த்தால், இந்தப் பெண்ணின் காலில் சுருட்டல் மேலிருந்து உடனே நிரம்பும். கட்டு இருக்கும்போதே கீழிருந்து வேகமாக நிரம்பினால் கசிவு துளைச்சிரையிலோ சின்ன சஃபீனஸிலோ இருக்கிறது.

12. அந்தச் சிரையை அடைச்சுட்டா ரத்தம் எப்படித் திரும்பும்? கால் வீங்காதா?

2-ஆம் பதிலின் 10 சதவீதத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதுவும் கெட்ட சிரையில் மேலே போவதில்லை, கீழேதான் விழுகிறது. அடைத்தால் ஆழ்சிரைகளின் சுமை குறையவே செய்யும், கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது முக்கியமானது. பழைய உறைகட்டியால் ஆழ்சிரை அடைபட்டிருந்தால், புடைத்த தோலடிச் சிரைகளே ரத்தம் மேலே போகும் மாற்றுப்பாதையாக இருக்கலாம். அதை அடைத்தால் நிலைமை மோசமாகும். ஸ்கேன் பார்க்காமல் கை வைக்காத மருத்துவரிடம் போங்கள் என்பது இதனால்தான். தொடை இடுக்கிலோ அடிவயிற்றிலோ குறுக்கே சிரை புடைத்திருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஸ்கேன் வயிற்றுக்குள்ளும் போக வேண்டும்.

13. கெட்ட துளைச்சிரை இருக்குன்னா எல்லாத்தையும் அடைச்சாகணுமா?

பெரும்பாலும் வேண்டாம். மாதிரி ரிப்போர்ட்டில் உள்ள 4 மி.மீ. துளைச்சிரையைப் பாருங்கள். சுற்றில் வரும் அதிகப்படி ரத்தத்தை உள்ளே வாங்கி வாங்கியே அது அகன்றிருக்கிறது, அகன்றதால் வால்வு எட்டவில்லை. மேலே சஃபீனஸை அடைத்துச் சுற்றை நிறுத்தினால் பல துளைச்சிரைகள் சில மாதங்களில் தாமே சுருங்கி, வால்வும் மறுபடி மூடத் தொடங்கும். அதனால் முதலில் தண்டு, பிறகு மறு ஸ்கேன். ஆறாத புண்ணுக்கோ ஆறிய தழும்புக்கோ நேர் கீழே, 3.5 மி.மீ.க்கு மேல் அகன்று, அரை நொடிக்கு மேல் வெளியே கசிவதைத்தான் தனியாக அடைப்பார்கள். இருக்கும் துளைச்சிரைகளுக்கெல்லாம் எண்ணிக்கை வைத்துக் கட்டணம் போட்டிருந்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

14. லேசர் பண்ணின பிறகு காலோட உள்பக்கம் மரத்துப்போச்சு. ஏதாவது தப்பா?

1-ஆம் பதிலில் சொன்ன நரம்பு. முழங்காலுக்குக் கீழே சஃபீனஸ் நரம்பு சிரையோடு ஒட்டியே போகிறது. லேசர் அல்லது ரேடியோ அலையின் சூடு அங்கே பட்டால் மரத்துப்போகும். இதைத் தவிர்க்கத்தான் பெரிய சஃபீனஸைச் சூட்டால் அடைக்கும்போது பெரும்பாலும் முழங்காலை ஒட்டி நிறுத்துகிறார்கள். சிரையைச் சுற்றி நிறையத் திரவ மருந்து செலுத்துவதும் சூட்டை விலக்கத்தான். மேல்முனையில் ஆழ்சிரை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளியே தொடங்குவார்கள், இல்லாவிட்டால் உறைகட்டி ஆழ்சிரைக்குள் நீளும். சின்ன சஃபீனஸிலும் ஒரு நரம்பு கூடவே போகிறது, அங்கே மரத்தால் வெளிப் பாதத்தில் தெரியும். மரப்பு பெரும்பாலும் சில மாதங்களில் குறையும். அதுவே பாதத்தைத் தூக்க முடியாத பலவீனமாக இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

15. ஸ்டாக்கிங்ஸ் போட்டா வால்வு சரியாகிடுமா?

ஆகாது. போட்டிருக்கும்வரை சிரையை வெளியிலிருந்து நெருக்கி, கணுக்கால் பக்கம் அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்திப் பம்புக்கு உதவும், கழற்றினால் பழைய நிலை. 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் பொதுவாகக் கொடுப்பது. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும், வீங்கிய பிறகு போட்டால் அளவு பொருந்தாது. மேலே சுருண்டு மடங்கினால் அந்த மடிப்பே கயிறு கட்டினதுபோல் இறுக்கிவிடும். சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்களும் நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொள்பவர்களும் முதலில் கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதம் பார்த்துக்கொள்ள வேண்டும். 0.5-க்குக் கீழே என்றால் காலுக்குத் தமனி ரத்தமே போதவில்லை, அழுத்தக் காலுறை கூடவே கூடாது. 0.8 வரை மருத்துவர் சொன்னால் மட்டும்.

16. குளிக்கும்போது கணுக்கால்கிட்ட சிரை வெடிச்சு ரத்தம் பீச்சிச்சு. தொடையில கயிறு கட்டலாமா?

கட்டாதீர்கள். கயிறு சிரையின் மேல்வழியை மூடும், தமனி கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும், ரத்தம் இன்னும் வேகமாக வரும். 90 மி.மீ. தூணின் அடியில் ஓட்டை விழுந்திருக்கிறது, தூணைப் படுக்கவைத்தால் போதும். அந்த இடத்திலேயே தரையில் மல்லாந்து படுத்துக் காலை இதயத்துக்கு மேலே, சுவரிலோ நாற்காலியிலோ தூக்கி வையுங்கள். சுத்தமான துணியை மடித்து ஓட்டையின்மேல் ஒரு விரலால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள், நடுநடுவே நின்றதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைத் தொங்கவிட்டு அழுத்திக்கொண்டிருந்து உயிரிழந்தவர்கள் உண்டு. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். நின்றதும் இறுக்கமாகக் கட்டுப்போட்டு, காலைத் தூக்கியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ரத்தம் கட்டுப்படாவிட்டால் 108-ஐ அழையுங்கள். அந்த இடத்தில் தோல் நீலக் கொப்புளம்போல் மெலிந்திருக்கும், திரும்பவும் வெடிக்கும், ஆகவே ஸ்கேனை அந்த வாரமே எடுத்துவிடுங்கள்.